பங்கு கேட்டு உடன்பிறந்தோருக்குக் கடிதம்

அப்பாவின் சொத்தைப் பற்றி உடன்பிறந்தோருக்கு எழுதும்போது, பழைய செலவுக் கணக்கைக் கடிதத்துக்குள் விடாதீர்கள். சட்டமே அதைக் கணக்கில் எடுப்பதில்லை. ரிஷிவந்தியத்தில் ஒருவர் தாம் சம்பாதித்து வாங்கிய 1 ஏக்கர் 20 சென்ட் நிலத்தை உயில் எழுதாமல் விட்டுச் சென்றார் என்று வையுங்கள். மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள் இருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஆளுக்கு 30 சென்ட். பலரும் அம்மாவின் பங்கை மறந்தே கடிதம் எழுதுகிறார்கள். சண்டை அங்கேயே தொடங்கிவிடுகிறது. கடிதத்தில் புல எண், பரப்பு, கடன் பாக்கி ஆகியவை இருந்தால் போதும். பட்டா நகலையும் வில்லங்கச் சான்றையும் எல்லோருக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள். “அக்கா, உங்களுக்கு எந்தப் பக்கம் வசதி?” என்று கேள்வியாக முடியுங்கள்.

“அவளுக்குத்தான் நகை போட்டுக் கட்டிக் கொடுத்தோமே” என்பார்கள். கல்யாணச் செலவு மகளின் பங்கைக் குறைக்காது. “கடைசிவரை பார்த்துக்கொண்டவன் நான்” என்பதில் நியாயம் உண்டு. ஆனால் அதற்காகக் கூடுதல் பங்கு தானாக வராது, மற்றவர்கள் மனமுவந்து விட்டுத்தர வேண்டும். அதை நேரில் கேளுங்கள், எழுத்தில் வேண்டாம். வீட்டிலுள்ள அண்டா, தையல் மிஷின் போன்றவற்றுக்குத் தனிக் கடிதம் எழுதுங்கள். ஒவ்வொருவரும் விரும்பும் இரண்டு பொருளை எழுதி அனுப்பட்டும். யாராவது நிலத்தில் தம் பங்கை விட்டுக்கொடுத்தால், கடிதத்தில் “சரி” என்று எழுதியது போதாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரம் பதிந்தால்தான் அது செல்லும்.