சீறாவும் சீதக்காதியும் உரோமன் எழுத்தில்

தமிழ் நூலொன்றின் பெயரையோ புலவர் ஒருவரின் பெயரையோ உரோமன் எழுத்தில் வரைய வேண்டிய தேவை ஆய்வாளர்க்கு அடிக்கடி நேர்கின்றது. அயல்நாட்டு நூலக அட்டவணையில் தேடும்போதும், ஆங்கிலத்தில் கட்டுரை எழுதும்போதும் அத்தேவை எழுகின்றது. அதனை நிறைவேற்ற இருவழிகள் உள்ளன. தமிழ் எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் உரோமன் எழுத்தை நிலையாக ஒதுக்கி, ஒலி எவ்வாறு மாறினும் எழுத்தை மாற்றாமல் எழுதுவது ஒரு வழி. இதனை எழுத்துப்பெயர்ப்பு என்போம். செவியில் விழும் ஒலியை ஆங்கிலம் பயின்றோர் ஏறக்குறைய ஒலிக்குமாறு எழுதுவது மற்றொரு வழி. இதனை ஒலிப்பெயர்ப்பு என்போம். இவ்விரண்டனுள் எது சிறந்தது என்ற வினா நெடுங்காலமாக உள்ளது. உமறுப் புலவரின் சீறாப்புராணத்தையும், அவரைப் புரந்த வள்ளல் என மரபு போற்றும் சீதக்காதியின் பெயரையும் சான்றாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்வோம்.

எழுத்தின் வழி

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகன், ஒவ்வொரு சொல்லையும் உரோமன் எழுத்திலும் தந்தது. அதன் எழுத்து முறையே சிற்சில மாற்றங்களுடன் பல நூலகங்களிலும், 2001-ஆம் ஆண்டில் வெளியான ஐ.எஸ்.ஓ. 15919 என்ற அனைத்துலகத் தரத்திலும் தொடர்கின்றது. நெடிலுக்கு மேலே ஒரு கோடு. டகர ணகர ளகரங்களுக்குக் கீழே ஒரு புள்ளி. றகர னகர ழகரங்களுக்குக் கீழே ஒரு கோடு. அதன் சுருக்கம் இவ்வளவே.

இம்முறையில் சீறாப்புராணம் Cīṟāppurāṇam என வரும். சகரத்திற்கு c, ஈகாரத்திற்கு ī, றகரத்திற்கு ṟ, ஆகாரத்திற்கு ā, பகர ஒற்றுக்கும் அடுத்த பகரத்திற்கும் pp, பின்னர் உகரம், இடையின ரகரத்திற்கு r, ணகரத்திற்கு ṇ. இவ்வரிசையைக் கையில் கொண்ட ஒருவர், நூலை ஒருமுறையும் காணாதவராயினும், பிழையின்றித் தமிழுக்கு மீள முடியும். முதலில் வருவது வல்லின றகரம், பின்னர் வருவது இடையின ரகரம் என்பதும் அவருக்குத் தெளிவாகும். மீள்வதற்கு வழி இருத்தலே எழுத்துப்பெயர்ப்பின் உயிர்.

ஆனால் தமிழறியாத ஒருவர் இதனை வாய்விட்டுப் படித்தால் என்னாகும்? முதலில் நிற்கும் c அவரைக் ககரத்துக்கோ 'ச்ச'வென்னும் ஒலிக்கோ இழுத்துச் செல்லும். பகல் என்ற சொல் pakal என்றே எழுதப்படும். இடையில் நிற்கும் ககரம் மென்மையாக ஒலிப்பதை k காட்டாது. தங்கம் என்பது taṅkam. அங்கே ககரம் வேறு விதமாக ஒலிக்கின்றது. இது முறையின் குறையன்று. தமிழ் நெடுங்கணக்கின் இயல்பு. சொல்லின் முதலிலும் இரட்டிக்குமிடத்தும் வல்லினம் வன்மையாகவும், மெல்லினத்தின் பின் அதிர்ந்தும், உயிர்களுக்கிடையே குழைந்தும் ஒலிக்கும். இடம் நோக்கி ஒலியை அறிவார் தமிழர்; ஆதலின் ஓரெழுத்தே போதும். அவ்விதியை அறியாதார்க்கு அந்த ஓரெழுத்து ஊமையாகி விடுகின்றது.

ஒலியின் வழி

இனி இரண்டாம் வழியைக் காண்போம். சீதக்காதியின் பெயரை Seethakathi என்று எழுதுவது வழக்கம். படிப்போர் பெரும்பாலும் சரியாகவே ஒலிப்பர். எந்த அச்சகத்திலும் கோர்க்கலாம். புள்ளியும் கோடும் வேண்டா. ஆனால் தமிழுக்கு மீள முயல்வோம். இரண்டாம் அசை 'த'வா, 'தா'வா என்பதற்கு இரண்டு வாய்ப்புகள். அடுத்து வரும் ககரம் ஒற்றையா இரட்டையா என்பதற்கு இரண்டு. அதன் உயிர் குறிலா நெடிலா என்பதற்கு மேலும் இரண்டு. ஆக இந்த ஒரு பெயர்க்கு எட்டு வடிவங்கள் கிடைக்கின்றன. அவற்றுள் சரியானது சீதக்காதி என்ற ஒன்றே. பெயரை முன்பே அறிந்தவர் அதனைத் தேர்ந்துகொள்வர். அறியாதவர் தேர வழியில்லை. Cītakkāti என எழுதியிருப்பின் ஐயத்திற்கே இடமில்லை.

ஒலிப்பெயர்ப்பில் மற்றோர் இடர்ப்பாடும் உண்டு. ஒலியை எழுதுவோர் தம்மையறியாமலே சிலவிடங்களில் எழுத்தை எழுதிவிடுவர். 2020-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் ஒலிப்புக்கேற்ப மாற்றி ஆணை வெளியிட்டது. அதில் கோயம்புத்தூர் Koyampuththoor ஆயிற்று. எழும்பூர் Ezhumboor ஆயிற்று. இரண்டிலும் மகர ஒற்றின் பின் பகரமே வருகின்றது, ஒலியும் ஒன்றே. ஆயினும் ஓரிடத்தில் p, மற்றோரிடத்தில் b. முன்னது எழுத்தைப் பின்பற்றியது. பின்னது ஒலியைப் பின்பற்றியது. மேலும் ஊகாரத்திற்கு oo எனத் தனிக்குறி அமைத்தவர்கள் ஓகாரத்திற்கு அவ்வாறு அமைக்கவில்லை. அமைக்கவும் இயலாது, அதே oo ஊகாரத்திற்குப் போய்விட்டதன்றோ! பலரும் குறை கூறவே அவ்வாணை அதே ஆண்டு ஜூன் திங்களில் திரும்பப் பெறப்பட்டது. ஒலியை எழுதுவது எளிது எனத் தோன்றும். ஆனால் அதற்கும் ஓர் அட்டவணை வேண்டும், அவ்வட்டவணையை இறுதிவரை கைவிடாமையும் வேண்டும் என்பதே இதனால் அறியத்தக்கது.

மூன்றாம் நிலை: அரபுச் சொற்கள்

இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தில் இச்சிக்கல் மேலும் ஒரு படி ஏறுகின்றது. சீறா என்பது வரலாறு எனப் பொருள்படும் அரபுச் சொல்; அரபியிலிருந்து நேராக உரோமனுக்குக் கொணர்வோர் Sīra என எழுதுவர். உமறு என்பது ʿUmar என வரும். முதலில் நிற்கும் குறி ஐன் என்னும் அரபு எழுத்தைச் சுட்டுவது. சீதக்காதி என்பதோ ஷெய்கு அப்துல் காதிர் என்ற பெயரின் தமிழ் மரூஉ; அரபு வழியில் அது Shaykh ʿAbd al-Qādir.

ஆகவே ஒரே வள்ளலுக்கு மூன்று பெயர்கள் நிற்கின்றன. மூன்றும் மூன்று வினாக்களுக்கு விடை. தமிழ் ஏட்டில் எவ்வாறு எழுதப்பட்டது என்பதற்கு Cītakkāti விடை. மக்கள் எவ்வாறு அழைக்கின்றனர் என்பதற்கு Seethakathi விடை. அப்பெயர் எங்கிருந்து வந்தது என்பதற்கு அரபு வடிவம் விடை. ஒன்றைப் பிழையென்று தள்ளி மற்றொன்றை நாட்டுவது வினாவையே மாற்றுவதாகும்.

இங்கே எழுத்துப்பெயர்ப்பின் உண்மையான எல்லையும் புலப்படுகின்றது. அது தமிழ் எழுத்து வரையே மீட்டுத் தரும். அதற்கு அப்பால் செல்லாது. காதிர் என்பதை Kātir என எழுதினால், தமிழ் ககரத்துக்குப் பின்னால் அரபுக் காஃப் இருந்ததா, கனத்த ஒலியுடைய ஃகாஃப் இருந்ததா என்பது தெரியாது. அவ்வேறுபாடு தமிழில் எழுதிய அன்றே மறைந்தது. 'துஆ' என்ற சொல்லின் முதலெழுத்து அதிர்ந்தொலிப்பது. தமிழ் ஒலிவிதி அறிந்தவரும் சொல் முதல் தகரத்தை வன்மையாகவே ஒலிப்பர். இடம் நோக்கி ஒலியறியும் விதி வந்தேறிய சொற்களிடம் செல்லாது. மறுபுறம், ஒலி வழியில் நெடிற்குறியின்றி எழுதினால் காதிரும் Kadir, கதிரும் Kadir. ஒரு பெயர்ப்பட்டியலில் இவ்விருவரும் ஒருவராகிவிடுவர். பட்டியலை வைத்து ஆய்பவர்க்கு இது சிறு பிழையன்று. ஒரு குடும்பத்தின் சமயமும் மரபுமே மாறிப் பதிவாகும்.

நம் முன்னோர் இதே சிக்கலை எதிர்த்திசையில் சந்தித்தனர். அரபுத்தமிழில், அஃதாவது அரபு எழுத்தில் தமிழை எழுதியபோது, அரபியில் இல்லாத பகரம், டகரம், ணகரம், ளகரம், ழகரம் முதலியவற்றுக்கு என் செய்வது என்ற வினா எழுந்தது. நெருங்கிய ஒலியுடைய அரபு எழுத்தைக் கொண்டு ஏறக்குறைய எழுதிவிடலாம் என அவர்கள் நிறைவடையவில்லை. இருக்கும் எழுத்துகளின்மேல் புள்ளிகளைக் கூட்டிப் புதிய எழுத்துகளைப் படைத்தனர். எகர ஒகர உயிர்களுக்கும் தனிக் குறிகள் கண்டனர். லெக்சிகன் உரோமன் எழுத்துக்குப் புள்ளியும் கோடும் இட்டதும் இதே உத்தியே. மீளும் வழி வேண்டுமாயின் குறி கூட்டியே ஆகவேண்டும் என்பதை இரு முறைகளும் காட்டுகின்றன.

புள்ளி உதிர்ந்தால்

நடைமுறையில் மிகுதியாக நேரும் கேடு இவ்விரு வழிகளாலும் அன்று, இவற்றின் கலப்பால். அச்சிலோ தட்டெழுத்திலோ குறிகள் உதிர்ந்து Cirappuranam என்றும் Citakkati என்றும் நிற்கும். இது மீள்வதற்கும் உதவாது, ஒலிப்பதற்கும் உதவாது. குறிகளோடு kaṭal எனவும் kātal எனவும் வேறுபட்டு நின்ற கடலும் காதலும், குறி உதிர்ந்தபின் katal என ஒன்றாகிவிடும். ஒலி வழியில் எழுதியிருப்பினும் kadal, kaadhal என அவை பிரிந்தே நின்றிருக்கும்.

இத்தகைய வடிவத்தை இனங்காண எளிய அடையாளங்கள் உள. b, d, g என்னும் மூன்றும் எங்குமே வாரா. சகரத்துக்கு c நிற்கும். தகரம் h இன்றித் தனி t ஆக வரும். வல்லின இரட்டிப்பு pp, kk எனத் தவறாது நிற்கும். இவை காணப்பட்டால் அது லெக்சிகன் வழியில் எழுதிக் குறி உதிர்ந்த சொல் எனத் துணியலாம். மாறாக oo, ee, th, zh மிகுந்திருந்தால் அது ஒலி வழிச் சொல். நூலக அட்டவணையில் Seerapuranam எனத் தேடி நூல் அகப்படாத மாணவர், நூல் அங்கில்லை என முடிவு செய்யலாகாது. குறியின்றி Cirappuranam எனவும் தேடுதல் வேண்டும். பெரும்பாலான அட்டவணைகள் தேடுகையில் குறிகளைப் பொருட்படுத்துவதில்லை.

எழுதுவோர் கடைப்பிடிக்கத் தக்கது எது எனில், நூற்பெயர், செய்யுள், மூலச்சொல் ஆகியவற்றை எழுத்துப்பெயர்ப்பால் தருக. அங்கே மீளுதலே நோக்கம். வாழ்வோர் பெயரை அவரவர் கையெழுத்திடும் வடிவிலேயே தருக. அதைத் திருத்த நமக்கு உரிமையில்லை. அரபு வழிப்பெயரை முதலில் குறிக்குமிடத்தில் தமிழ் எழுத்து வடிவம், வழக்கு வடிவம், அரபு வடிவம் மூன்றையும் ஒருமுறை தந்து, அதன்பின் ஒன்றையே ஆளுக. எந்த வடிவத்தை ஆள்கிறோம் என்பதை முன்னுரையில் ஒரு வரியால் உரைத்து, பெயரடைவில் ஏனைய இரண்டையும் அதனோடு இணைத்துவிட்டால், சீதக்காதியைத் தேடி வருபவர் எந்த வாயிலில் நுழைந்தாலும் அவ்வள்ளலிடமே வந்து சேர்வர்.