இரண்டு தலைப்பு வரிகளை ஒன்றாக்குவோம்

நற்பிட்டிமுனைப் பக்கத்தில் வயற்கணக்கு எழுதும் எவரும் போகத்தைப் பிரித்தே எழுதுவர். மேலே ‘பெரும்போகம்’, ‘சிறுபோகம்’ என்று போட்டு, ஒவ்வொன்றின் கீழும் ‘விதைத்தது’, ‘அழிந்தது’ என்று எழுதுவோம். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் நெல் அட்டவணைகளிலும் போகங்களும் நீர்ப்பாசன வகைகளும் தலைப்புகளாக அடுக்கப்படுவதுண்டு. கண்ணால் வாசிக்க இது நல்ல முறை. கணினிக்கோ இது புரிவதில்லை.

ஏன் புரிவதில்லை? ‘பெரும்போகம்’ என்ற சொல் இரண்டு நிரல்களின் மேல் பரந்து கிடப்பதாக நாம் காண்கிறோம். எக்செல்லில் அது இடப்பக்கத்து முதற் கலத்தில் மட்டுமே இருக்கிறது. அடுத்த கலம் வெறுமை. ஆகவே இரண்டாம் வரியை மட்டும் தலைப்பாக எடுத்தால் ‘அழிந்தது’ என்ற பெயரில் இரண்டு நிரல்கள் நிற்கும். கூட்டுபவர் முதலாவதை மட்டும் எடுத்தால், இடம்பெயர்ந்த குடும்பத்தின் சிறுபோக அழிவு கணக்கிலேயே வராது.

எடுத்துக்காட்டாக நாற்பது குடும்பங்களின் பட்டியல் ஒன்றை எடுப்போம். A நிரலில் பெயர், B-யில் வயல் ஏக்கர், C, D இரண்டும் பெரும்போகம், E, F இரண்டும் சிறுபோகம், G-யில் மொத்த அழிவு. ஒரு குடும்பத்துக்கு 2 ஏக்கர் வயல். பெரும்போகத்தில் 2 ஏக்கர் விதைத்து 1.5 அழிந்தது, சிறுபோகத்தில் 1 ஏக்கர் விதைத்து 0.5 அழிந்தது.

முதலில் தாளைப் பிரதி எடுத்து, பிரதியில் மட்டும் வேலை செய்யுங்கள். தலைப்புகளுக்கு மேலே பட்டியலின் பெயர் எழுதிய வரி இருந்தால் அதை நீக்குங்கள். அடியில் உள்ள கூட்டுத்தொகை வரியையும் நீக்குங்கள். அது இன்னொரு குடும்பம் போல எண்ணப்பட்டு, கணக்கு இரட்டிக்கும். இப்போது 1ஆம், 2ஆம் நிரைகளில் தலைப்புகள் இருக்கும். அவற்றின் கீழ் இரண்டு வெற்று நிரைகளைச் செருகுங்கள்.

3ஆம் நிரையில் போகத்தின் பெயரை வெறுமையான கலங்களுக்கும் கொண்டுசெல்கிறோம். A3-இல் முதலாவது சூத்திரத்தையும், B3-இல் இரண்டாவதையும் இட்டு, B3-ஐ G வரை இழுங்கள்.

```
=A1
=IF(B1="",A3,B1)
```

4ஆம் நிரையில் இரண்டு பெயர்களையும் சேர்க்கிறோம். இதை A4-இல் இட்டு G வரை இழுங்கள்.

```
=IF(A2="",A3,A3&"_"&A2)
```

D4-இல் ‘பெரும்போகம்_அழிந்தது’ என்றும் F4-இல் ‘சிறுபோகம்_அழிந்தது’ என்றும் வரும். கீழ்த்தலைப்பு இல்லாத ‘பெயர்’ அப்படியே நிற்கும். ‘ஏக்கர்’ போன்ற மூன்றாவது தலைப்பு வரி இருந்தால், அதையும் இவ்வாறே இன்னொரு `&"_"&` கொண்டு சேர்க்கலாம்.

பின்னர் 4ஆம் நிரையைப் பிரதி எடுத்து, அதே இடத்தில் `Paste Values` மூலம் ஒட்டுங்கள். அதன் பிறகே மேலுள்ள மூன்று நிரைகளையும் நீக்க வேண்டும். முந்திக்கொண்டு நீக்கினால் பெயர்கள் இருந்த இடமெல்லாம் `#REF!` என்று காட்டும்.

வழக்கமாகப் பிழை வருவது G நிரலில். ‘மொத்த அழிவு’ என்பதை முதல் வரியில் எழுதாமல் இரண்டாம் வரியில் மட்டும் எழுதியிருந்தால், சூத்திரம் அதற்கும் சிறுபோகத்தின் பெயரைச் சூட்டி ‘சிறுபோகம்_மொத்த அழிவு’ என்று காட்டும். எந்தப் போகத்துக்கும் சேராத நிரலின் பெயரை முதல் வரியிலேயே எழுதி, இரண்டாம் வரியை வெறுமையாக விடுங்கள்.

சரிபார்க்க மூன்று வழிகள் உண்டு. ஏழு நிரல்களுக்கும் ஏழு வெவ்வேறு பெயர்கள் இருக்க வேண்டும். பழைய தாளில் D நிரலின் கூட்டுத்தொகையும் புதிய தாளில் D நிரலின் கூட்டுத்தொகையும் ஒன்றாக வர வேண்டும். கடைசியாக, ஒரு குடும்பத்தின் எழுத்துப் படிவத்தை எடுத்து, அந்த நிரையைத் தலைப்போடு உரக்க வாசியுங்கள்: “பெரும்போகம் அழிந்தது ஒன்றரை, சிறுபோகம் அழிந்தது அரை.” குடும்பத்தவர் பக்கத்தில் இருந்தால் பிழையை உடனே சொல்லிவிடுவர்.

தலைப்புச் சரியானாலும், எதை எதோடு கூட்டலாம் என்று கணினி சொல்லாது. இரண்டு போக அழிவையும் கூட்டினால் 2 ஏக்கர். அது சரியான பயிரழிவுக் கணக்கு. அந்த நிரல்களோடு ‘மொத்த அழிவு’ நிரலையும் கூட்டினால் 4 ஆகிவிடும். இரண்டு போகங்களிலும் விதைத்ததைக் கூட்டினால் 3 ஏக்கர் வரும். ஆனால் அந்தக் குடும்பத்தின் காணி 2 ஏக்கர்தான். காணிக் கணக்கு கேட்கும் அதிகாரிக்கு ‘வயல் ஏக்கர்’ நிரலைக் காட்டுங்கள். பயிர் அழிவைக் கேட்பவருக்குப் போகம் போகமாகக் காட்டுங்கள். ஒவ்வொரு நிரலும் தன் முழுப் பெயரோடு நின்றால், ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றைக் கொடுக்கும் தவறு நேராது.