பார்வையா, வாங்குதலா: உவரிக் கருப்பட்டியின் இணைய விற்பனையில் குறை எங்கே என்று கண்டறிதல்

உவரியைச் சுற்றியுள்ள தேரிக்காட்டுப் பனைகளில் பங்குனி, சித்திரையில் இறக்கத் தொடங்கும் பதநீரைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றி எடுக்கும் கருப்பட்டி, முன்பு திசையன்விளைச் சந்தையிலும் ஊர்க்கடைகளிலும் விலைபோனதைப் போலவே இன்று அமேசான் முதலிய இணையச் சந்தைகளிலும் விலைபோகிறது. சந்தையில் கூடையின் முன் நின்று பேரம் பேசிவிட்டுப் போகிறவரை விற்பவர் கண்ணால் பார்க்கிறார். இணையத்தில் அவருக்குக் கிடைப்பவை எண்கள் மட்டுமே. அவற்றுள் பெரும்பாலோர் பார்ப்பது கடைசி எண்ணாகிய ஆர்டரை மட்டும்தான் என்பதால், ஆர்டர் குறைந்த உடனே விலையைக் குறைப்பது வழக்கமாகிவிட்டது. விலை பல நேரங்களில் நோய்க்குக் காரணமே அன்று. அதைக் குறைப்பதால் பனையேறுபவரின் கூலியும் காய்ச்சுபவரின் உழைப்பும் வீணில் கரைகின்றன.

ஒரு விற்பனைப் பக்கம், அதாவது லிஸ்டிங், மூன்று எண்களைத் தருகிறது. தேடல் முடிவுகளில் அப்பொருள் ஒருவரின் திரையில் காட்டப்பட்ட ஒவ்வொரு முறையும் ஓர் இம்ப்ரெஷன். அதைத் தொட்டு அவர் உள்ளே வந்தால் அது கிளிக். வந்தவர் பணம் கட்டினால் அது ஆர்டர். கிளிக்கை இம்ப்ரெஷனால் வகுத்தால் பார்த்தவர்களில் எத்தனை பேரை அப்பொருள் உள்ளே இழுத்தது என்பதும், ஆர்டரைக் கிளிக்கால் வகுத்தால் வந்தவர்களில் எத்தனை பேர் வாங்கினார்கள் என்பதும் தெரியும். இவ்விரு விகிதங்களையும் தனித்தனியே நோக்க வேண்டிய காரணம் எளிது. கிளிக் செய்வதற்கு முன் வாங்குபவர் காண்பது முதற்படம், தலைப்பு, விலை, நட்சத்திர மதிப்பீடு, வந்து சேரும் தேதி ஆகிய சிலவற்றை மட்டுமே. மற்ற படங்கள், விவரணை, விமரிசனங்கள் ஆகிய பிற எல்லாம் உள்ளே வந்த பிறகுதான் கண்ணில் படுகின்றன. எனவே கிளிக் குறைவுக்கான காரணத்தை விவரணையில் தேடுவதும், வாங்குதல் குறைவுக்கான காரணத்தை முதற்படத்தில் தேடுவதும் பெரும்பாலும் வீண்வேலை.

கணக்கை விளங்கிக்கொள்ள எடுத்துக்காட்டாக ஒரு கிலோ கருப்பட்டிக்கான ஒரு லிஸ்டிங்கை எண்ணிப் பார்க்கலாம். ஒரு மாதத்தில் அதற்கான விளம்பரம் 12,000 முறை காட்டப்பட்டு, 36 கிளிக்குகளும் 4 ஆர்டர்களும் கிடைத்தன என்று கொள்வோம். உள்ளே வந்தவர்களில் ஒன்பது பேருக்கு ஒருவர் வாங்கியிருக்கிறார். இது நல்ல விகிதமே. ஆனால் பார்த்தவர்களில் ஆயிரத்துக்கு மூவர் மட்டுமே உள்ளே வந்திருக்கிறார்கள். ஆகவே இது கிளிக் குறைவு என்ற முதல் முடிவு சரியே. அதற்கு அடுத்த படியில்தான் பலரும் சறுக்குகிறார்கள்: கிளிக் குறைவென்றால் படம் சரியில்லை என்று எண்ணி, புகைப்படக்காரரை அழைத்துப் புதுப்படம் எடுக்கச் செலவிடுகிறார்கள்.

படத்தைக் குறைசொல்வதற்கு முன் அந்த 12,000 இம்ப்ரெஷன்களையும் தேடல் சொல்வாரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். இவ்வெடுத்துக்காட்டில் jaggery என்று தேடியவர்களுக்கு 10,000 முறை காட்டப்பட்டு 10 கிளிக் வந்தது. Palm jaggery என்று தேடியவர்களுக்கு 1,500 முறை காட்டப்பட்டு 12 கிளிக் வந்தது. Karupatti என்று தேடியவர்களுக்கு 500 முறை மட்டுமே காட்டப்பட்டு 14 கிளிக் வந்தது என்றால் கணிப்பு முற்றிலும் மாறிவிடுகிறது. கருப்பட்டியைப் பெயர் சொல்லித் தேடியவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ மூவர் உள்ளே வந்திருக்கிறார்கள். வந்த 4 ஆர்டர்களில் மூன்று அவர்களுடையவை, ஒன்று palm jaggery என்று தேடியவருடையது. வட இந்தியாவிலும் பெருநகரங்களிலும் jaggery என்று தேடுபவர் மனத்தில் இருப்பது கரும்பு வெல்லம். பொன்னிற வெல்லக் கட்டிகளுக்கு நடுவே கன்னங்கரேல் என்றிருக்கும் சிரட்டைக் கருப்பட்டியை அவர் கடந்துபோவதில் வியப்பில்லை. ஆக, படத்திலோ பொருளிலோ குறையில்லை. வேண்டாதவர்கள் முன் அது மீண்டும் மீண்டும் காட்டப்பட்டதே குறை.

இதற்கான திருத்தமும் படத்தை மாற்றுவதைவிட மிக எளியது. விளம்பர அமைப்பில் jaggery என்ற சொல்லை விலக்குச் சொல்லாகச் சேர்த்தால் போதும். ஆனால் அதை Negative exact என்ற வகையில்தான் சேர்க்க வேண்டும். Negative phrase என்ற வகையைத் தேர்ந்தெடுத்தால் அச்சொல் அடங்கிய எல்லாத் தேடல்களும், நல்ல கிளிக்குகளைத் தரும் palm jaggery உட்பட, சேர்ந்தே அடைபட்டுவிடும். இத்துடன் தலைப்பில் கருப்பட்டி, பனை வெல்லம் என்னும் சொற்கள் முன்னால் வருமாறு எழுதுவதும், மக்கள் ஆங்கில எழுத்தில் karupatti, karuppatti, karupati என்று பலவிதமாகத் தட்டுவதை நினைவிற்கொண்டு அவ்வடிவங்களைத் தேடல் சொற்களாகச் சேர்ப்பதும் பயன்தரும். புவிசார் குறியீடு பெற்ற உடன்குடியின் பெயரைத் தலைப்பில் போட்டால் கிளிக் கூடும் என்று உவரிப் பக்கத்து விற்பனையாளர் சிலர் எண்ணக்கூடும். உரிமை இல்லாத பெயரைப் போடுவது சட்டத்துக்கு ஒவ்வாதது, மேலும் உவரிக் கருப்பட்டிக்கு அந்தக் கடன்பெயர் தேவையும் இல்லை.

சொல்வாரிக் கணக்கை எடுக்கும் அறிக்கைகளில் ஒரு பொறி உண்டு. அமேசானின் விளம்பரப் பகுதியில் கிடைக்கும் Search term report குறைந்தது ஒரு கிளிக்காவது பெற்ற தேடல்களை மட்டுமே காட்டுகிறது. காட்டப்பட்டும் யாரும் தொடாத தேடல்கள் அதில் வருவதில்லை. எனவே அதிலுள்ள இம்ப்ரெஷன்களைக் கூட்டினால் விளம்பரத்தின் மொத்த இம்ப்ரெஷனைவிடக் குறைவாகவே வரும், விடுபட்ட மீதம் முழுவதும் யாரும் தொடாத தேடல்களுக்குப் போனது என்று கொள்ள வேண்டும். வணிகச் சின்னத்தை அமேசானில் பதிவு செய்தவர்களுக்கு Search Query Performance என்னும் அறிக்கை கிடைக்கிறது. விளம்பரம் அல்லாத தேடல்களையும் சேர்த்து, ஒவ்வொரு தேடலுக்கும் காட்டப்பட்டது, கிளிக், கூடையில் இட்டது, வாங்கியது என்ற நான்கையும் அது தருவதால், நோயறிவதற்கு அதைவிடச் சிறந்த கருவி விற்பவர் கையில் இல்லை.

இன்னொரு பிழை இதைவிடப் பரவலானது: ஓர் அறிக்கையின் ஆர்டரை எடுத்து மற்றோர் அறிக்கையின் கிளிக்கால் வகுப்பது. விளம்பர அறிக்கையின் கிளிக் விளம்பரம் வழியாக வந்தவர்களை மட்டும் எண்ணுகிறது. கடையின் மொத்த ஆர்டரிலோ உறவினர் அனுப்பிய இணைப்பின் வழியே வந்தவரும், போன முறை வாங்கித் திரும்ப வந்தவரும் அடக்கம். இந்த மொத்த ஆர்டரை விளம்பரக் கிளிக்கால் வகுத்தால் வாங்கும் விகிதம் உள்ளதைவிட உயர்ந்து தெரியும், உண்மையான குறை மறைந்துவிடும். விளம்பரக் கிளிக்குக்கு விளம்பர ஆர்டரையும், மொத்த வருகைக்கு மொத்த ஆர்டரையும் மட்டுமே ஒப்பிட வேண்டும். மொத்த வருகையைக் காட்டும் Sessions என்ற எண்ணில், ஒருவர் 24 மணி நேரத்துக்குள் எத்தனை முறை பக்கத்தைத் திறந்தாலும் ஒரு வருகையே கணக்கு என்பதால் அது கிளிக் எண்ணிக்கையோடு பொருந்தாது. விளம்பர ஆர்டர்கள் கிளிக் நடந்த சில நாள் கழித்தும் பதிவாகின்றன. ஆதலால் கடைசி ஒரு வாரத்து எண்களைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது நல்லது.

முதல் எடுத்துக்காட்டுக்கு நேர்மாறான நோயைச் சுக்குக் கருப்பட்டியின் அரைக் கிலோப் பொட்டலத்தில் காணலாம். 4,000 இம்ப்ரெஷன், 120 கிளிக், 2 ஆர்டர் என்று கொண்டால், நூற்றுக்கு மூவர் உள்ளே வருகிறார்கள், ஆனால் வந்தவர்களில் அறுபது பேருக்கு ஒருவரே வாங்குகிறார். இங்கே விலை முதற்காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு, ஏனெனில் விலையைத் தேடல் முடிவிலேயே பார்த்த பிறகுதான் அந்த 120 பேரும் உள்ளே வந்தார்கள். கூடையில் இட்டவர் எண்ணிக்கை இவ்விடத்தில்தான் வழிகாட்டுகிறது. 120 பேரில் 20 பேர் கூடையில் இட்டும் இருவரே பணம் கட்டினார்கள் என்றால், பக்கம் அவர்களை இணங்கவைத்துவிட்டது. கடைசிக் கட்டத்தில் வெளிப்பட்ட அனுப்புகைக் கட்டணமோ தாமதமான தேதியோ அவர்களைத் திருப்பியிருக்கிறது. கூடை எண்ணைத் தரும் Search Query Performance அறிக்கை கிடைக்காதவர் தம் கணக்கிலிருந்து வெளியேறி, சென்னை, டெல்லி எனச் சில பின்கோடுகளை இட்டு, தம் பொருளைத் தாமே வாங்குவதுபோல் கடைசிப் படி வரை போய்ப் பார்க்கலாம். கருப்பட்டி கனமான பண்டம். விலையில் பாதியளவு அனுப்புகைக் கட்டணம் வந்து நிற்பதை அப்போதுதான் பலர் முதன்முறையாகக் காண்கிறார்கள். அரைக் கிலோவுக்குப் பதிலாக ஒரு கிலோவாகக் கட்டி, கட்டணத்தின் ஒரு பகுதியை விலைக்குள் கொண்டுவருவது அங்கே பொருத்தமான திருத்தம்.

அதே 120 பேரில் மூவர் மட்டுமே கூடையில் இட்டிருந்தால் குறை பக்கத்துக்குள்ளேயே இருக்கிறது. கருப்பட்டியைப் பொறுத்தவரை வாங்குபவரின் பெரிய ஐயம் சீனிக் கலப்பு. தென்மாவட்டத்துக்காரர் கையில் எடுத்ததும் அதை உடைத்துப் பார்ப்பார்; உட்புறம் மங்கலாக இருக்கிறதா, சீனிப் படிகம்போல் மினுக்குகிறதா என்று நோக்குவார். உடைத்த முகத்தை அருகிலிருந்து எடுத்த ஒரு படமும், உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் தெரியும் பொட்டலப் பின்புறத்தின் ஒரு படமும் அந்த ஐயத்துக்கு நேரடியான விடைகள். நான்கு பத்தி விவரணை அவ்வேலையைச் செய்யாது. விமரிசனங்களையும் தேதியோடு சேர்த்து வாசிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் கருப்பட்டி ஈரம் வாங்கிக் கசியும்; உருகி வந்தது என்ற ஒரு விமரிசனம் மேலே நின்ற நாளிலிருந்து வாங்கும் விகிதம் விழுந்திருந்தால், திருத்த வேண்டியது கட்டும் முறையைத்தான், பக்கத்தை அன்று.

இவ்வளவு கணிப்புக்கும் எண்கள் போதிய அளவு இருக்க வேண்டும். ஒரு லிஸ்டிங்கின் உண்மையான வாங்கும் விகிதம் நூற்றுக்கு மூன்று என்றே வைத்துக்கொண்டாலும், 36 கிளிக் வந்து ஓர் ஆர்டரும் வராமல் போவது மூன்றில் ஒரு முறை தற்செயலாகவே நிகழும். 100 கிளிக் வந்தும் ஆர்டர் இல்லாமல் போவது இருபதில் ஒரு முறைதான் நிகழும். ஆகவே 30, 40 கிளிக்குகளை வைத்துப் பக்கத்தைக் குலைத்துத் திருத்துவது அவசரம். 100 கிளிக் தாண்டியும் ஆர்டர் இல்லையென்றால் காத்திருப்பது அலட்சியம். சொல்வாரியாகப் பிரிக்கும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் கிடைக்கும் எண்கள் மேலும் சிறுத்துவிடும் என்பதால், கிளிக் விகிதத்தைச் சொல்வாரியாகவும், வாங்கும் விகிதத்தை முதலில் மொத்தமாகவும் பார்ப்பதே சிறுவியாபாரிக்கு நம்பத்தக்க வழி.

திருத்தம் செய்த பிறகு வரும் மாதத்தை வாசிக்கவும் இதே கவனம் வேண்டும். முதல் எடுத்துக்காட்டில் jaggery விலக்கப்பட்டதும் இம்ப்ரெஷன் 12,000-இலிருந்து 2,000-க்கும் கிளிக் 36-இலிருந்து 26-க்கும் இறங்கும். ஆர்டர் அதே நான்காக நிற்கும். விற்பவர் இவ்விறக்கத்தைக் கண்டு அஞ்சி விலக்குச் சொல்லை நீக்கிவிடுவதுண்டு. உண்மையில் வாங்காத 10 கிளிக்குகளுக்கான விளம்பரப் பணம் மிஞ்சியிருக்கிறது. அப்பணத்தை karupatti என்ற சொல்லுக்கான ஏலத்தொகையில் கூட்டினால், 500 முறை மட்டுமே காட்டப்பட்ட அந்த இடத்தில் லிஸ்டிங் இன்னும் மேலே, இன்னும் அடிக்கடி தெரியத் தொடங்கும்.