விலைப்புள்ளியைச் சரிபார்த்தல்

விற்பவர் தம் பொருளின் அளவு, விலை, அனுப்பும் நாள் ஆகியவற்றை வாங்குபவருக்கு அறிவிக்கும் மடலே விலைப்புள்ளி. மின்னஞ்சலில் அதனை அனுப்புமுன், பெறுபவரின் நோக்கில் ஒருமுறை படித்தல் வேண்டும்.

திருப்பூர் நிறுவனம் ஒன்று அமெரிக்க வணிகர் ஒருவருக்கு, ‘பனியன் 1,200 டஜன், விலை 4 டாலர், 05/06/2025க்குள் அனுப்பப்படும்’ என எழுதுவதாகக் கொள்வோம். நிறுவனம் கருதியது ஒரு பனியனின் விலை. வணிகர் கொள்வதோ ஒரு டஜனின் விலை. 1,200 × 4 = 4,800 என்னும் பெருக்கலில் பிழையில்லை; பிழை அலகில் உள்ளது. அளவும் விலையும் ஒரே அலகில் அமைந்த பின்னரே பெருக்குதல் வேண்டும். 1,200 டஜன் என்பது 14,400 பனியன்கள்; எனவே மொத்தம் 57,600 டாலர்.

நாளும் அத்தகையதே. நமக்கு அது ஜூன் 5; மாதத்தை முதலில் எழுதும் அமெரிக்கருக்கு மே 6. சரக்கு ஒரு மாதம் தாமதமாயிற்று என அவர் வழக்காடக்கூடும்.

ஆகவே, திருத்திய மடல் இவ்வாறு அமையும்: ‘பனியன் 1,200 டஜன் (14,400 எண்ணிக்கை), ஒரு பனியனின் விலை 4 அமெரிக்க டாலர், மொத்தம் 57,600 அமெரிக்க டாலர், 2025 ஜூன் 5ஆம் நாளுக்குள் அனுப்பப்படும்.’