சூரனுக்கு ஏன் அழுகை வந்தது? ஒரு மாணவனுக்கு எழுதிய கடிதம்



(நான் சிதம்பரத்தில் தமிழ் சொல்லித் தருகிறேன். என்னிடம் படித்துவிட்டு இப்போது கடலூரில் இருக்கும் ஒரு தம்பிக்கு எழுதிய கடிதம் இது. அவன் சம்மதத்தோடு இங்கே பகிர்கிறேன்.)

அன்புள்ள தம்பிக்கு,

உன் வாய்ஸ் மெசேஜ் இரண்டு தடவை கேட்டேன். உங்க தெரு கோயில்ல கந்த சஷ்டி நாடகத்துல சூரபத்மன் வேஷம் உனக்குன்னு சொன்னாங்க, சந்தோஷமா வாங்கிக்கிட்ட. கந்தபுராணம் யுத்த காண்டம் உரையோட படிக்கப் போய், கடைசியில சூரன் பேசுற இடத்துல அழுகை வந்துடுச்சு. "முருகனைக் கும்பிடுற எனக்கு சூரன் மேல பாசம் வரலாமா சார், இது தப்பா?" என்று கேட்டிருக்கிறாய். நாடகம் நீளமா இருக்குன்னு அந்தக் கடைசிப் பேச்சைத்தான் வெட்டப் போறாங்க என்றும் சொன்னாய்.

தப்பில்லை. நீ அழ வேண்டும் என்றுதான் கச்சியப்ப சிவாசாரியார் எழுதியிருக்கிறார். எப்படி எழுதியிருக்கிறார் என்று தெரிந்தால், எதை வெட்டலாம், எதை வெட்டக் கூடாது என்று நீயே உங்க குழுவிடம் சொல்லிவிடுவாய்.

முதலில் ஒன்று. சூரன் ஆதியில் இப்படி ஒரு ஆளே இல்லை. சங்க நூல்களில் வருவது "சூர்", அதாவது அச்சம் தரும் ஒரு சக்தி. திருமுருகாற்றுப்படையில் அந்தச் சூரும் வருகிறது, அதன் மாமரத்தை முருகன் அழித்ததும் வருகிறது. ஆனால் அந்தச் சூருக்கு மனசு இல்லை. வடமொழிக் கந்தபுராணக் கதையை எடுத்துக்கொண்டு பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டாகக் காஞ்சிபுரத்தில் விரித்தவர் கச்சியப்பர். அந்த விரிவில்தான் நமக்குத் தெரிந்த சூரனுக்கு ஒரு வீடு வருகிறது. தம்பிகள் சிங்கமுகன், தாரகன், தங்கை அசமுகி, மூத்த மகன் பானுகோபன், கடலுக்கு நடுவே வீரமகேந்திரம் என்று ஒரு நகரம். வீடு வந்துவிட்டால் இழப்பதற்கு ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

இப்போ ஒரே ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு போகலாம். "பாலன்" என்ற சொல். சின்னப் பையன்.

வீரபாகு தூது போகிறார். சூரனின் சபையில் அவருக்கு யாரும் இருக்கை தரவில்லை. முருகன் அருளால் ஒரு சிங்காசனம் வந்து நிற்க, அதில் சூரனுக்குச் சமமாக உட்கார்ந்து, தேவர்களைச் சிறையிலிருந்து விடச் சொல்கிறார். சூரன் சொல்லும் பதிலின் சாரம் இதுதான்: ஒரு பாலன் சொன்னான் என்பதற்காக நான் விடுவதா?

இதைத் திமிர் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். சூரன் இடத்தில் நின்று பார். அவன் தவம் செய்து சிவனிடமே வாங்கிய வரம், 1008 அண்டங்களை 108 யுகங்கள் ஆளும் வரம். சிவனுடைய சக்தியைத் தவிர வேறு எதனாலும் அவனுக்கு அழிவில்லை. திருமால் வரைக்கும் மோதிப் பார்த்தாயிற்று. இப்போது வந்திருப்பது பிறந்து சில நாளே ஆன ஒரு குழந்தை. அவன் கணக்கு தப்பான கணக்கு இல்லை. அதில் ஒரே ஒரு எண் விட்டுப்போயிருக்கிறது. அந்தக் குழந்தை சிவனின் நெற்றிக்கண்ணிலிருந்து வந்தது, வரத்தில் விலக்கி வைக்கப்பட்ட அதே சக்திதான் அது. நல்ல வில்லன் முட்டாளாக இருக்க மாட்டான். அவனுக்குத் தெரிந்த அளவில் அவன் பேசுவது சரியாகவே இருக்கும்.

அதனால் மேடையில் "பாலன்" என்று சொல்லும்போது தயவுசெய்து ஹா ஹா என்று சிரிக்காதே. சாதாரணமாகச் சொல். உண்மையிலேயே நம்பிச் சொல்கிறவன் சிரிக்க மாட்டான்.

அடுத்தது தம்பி. தூது போனபின் சூரன் சபை கூட்டி யோசனை கேட்கிறான். மற்றவர்கள் எல்லாம் அவனுக்குப் பிடித்ததைச் சொல்ல, சிங்கமுகன் மட்டும் எழுந்து, அவன் பாலன் இல்லை, பரம்பொருள், தேவர்களை விட்டுவிடு என்கிறான். விட்டுப்போன எண்ணைத் தம்பியே எடுத்துக் கையில் கொடுத்துவிட்டான், பார்த்தாயா? இனிமேல் சூரன் "எனக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது. அவன் கோபத்தில் தம்பியைப் பயந்தாங்கொள்ளி என்று ஏசுகிறான். சிங்கமுகன் வாதாடவில்லை. இவன் திருந்த மாட்டான் என்று மனசுக்குள் முடிவு கட்டிக்கொண்டு, மன்னிப்புக் கேட்டு, உனக்காகப் போருக்குப் போகிறேன் என்கிறான். கும்பகருணன் ஞாபகம் வந்தால் சரிதான், கச்சியப்பர் கம்பனை நன்றாகப் படித்தவர். தப்பு என்று தெரிந்தும் உயிர் கொடுக்க ஒரு தம்பி இருக்கிறான் என்றால், அந்த அண்ணனிடம் ஏதோ இருந்திருக்க வேண்டும் என்று நமக்கே தோன்றும். சூரனைப் புகழ்ந்து ஒரு வரி எழுதாமலே அவனைப் பெரியவனாக்கும் வழி இது.

பிறகு மகன். தொட்டிலில் கிடந்தபோது வெயில் பட்டதற்காகச் சூரியனையே பிடித்துக் கட்டியவன் பானுகோபன். அவன் முதலில் ஆர்ப்பாட்டமாகப் போருக்குப் போகிறான். தோற்று வந்து, மாயப் படையையும் விட்டுப் பார்த்து, கடைசியில் அவனே அப்பாவிடம் தேவர்களை விட்டுவிடலாம் என்கிறான். சூரன் இப்போது சொல்லும் காரணத்தைக் கவனி. "பாலன்" என்ற பேச்சு பின்னால் போய்விட்டது. இப்போது விட்டால் எனக்கு இழிவு, உலகம் சிரிக்கும் என்பதுதான் முன்னால் நிற்கிறது.

அதாவது எதிரி யார் என்ற கேள்வி முடிந்து, நான் யார் என்ற கேள்வி வந்துவிட்டது. இங்கே என் வாசிப்பு ஒன்றைச் சேர்க்கிறேன். தாரகன் ஏற்கெனவே செத்தாயிற்று, மகன்களும் சாக ஆரம்பித்தாயிற்று. இனி பணிந்தால் அவர்கள் எல்லாம் எதற்குச் செத்தார்கள்? முதல் நாள் கதவைத் திறக்க ஆகும் செலவு ஒரு சிறைச்சாலை மட்டும்தான். ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் அதே கதவின் விலை ஏறுகிறது. பானுகோபன் விழுந்த செய்தி கேட்டுச் சூரன் புலம்பும் இடத்தில் அவன் அரசனாக இல்லை, வெறும் அப்பாவாகத்தான் இருக்கிறான்.

இன்னொரு மகன் இரணியன் வேறு வழி எடுக்கிறான். போர்க்களத்திலிருந்து தப்பி மீனாகிக் கடலுக்குள் போய்விடுகிறான். அப்பாவுக்குக் கடன் செய்ய ஒருத்தன் வேண்டுமே என்பது அவன் எண்ணம். அப்பா உயிரோடு இருக்கும்போதே கருமாதிக்கு ஆள் தயாராகிவிட்டது! எனக்கு இந்த இடம் படிக்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசையும். மேடையில் காட்ட வழியில்லை, விட்டுவிடு.

இனி நீ அழுத இடம். எல்லோரும் போய்விட்டார்கள். சூரன் தனியாக மாயத்தால் உருவம் மாற்றி மாற்றிப் போர் செய்கிறான். முருகன் தன் பெரிய உருவத்தைக் காட்டுகிறார். சூரன் நின்று பார்க்கிறான். அப்போது அந்தப் பழைய சொல் திரும்பி வருகிறது: இவனைப் பாலன் என்று நினைத்திருந்தேனே!

சபையில் சொன்ன அதே சொல்லை இங்கே அவன் வாயாலேயே திரும்ப வாங்கிக்கொள்ள வைக்கிறார் கவிஞர். சிங்கமுகன் சொன்னபோது ஏறாதது கண்ணால் பார்த்தபோது ஏறுகிறது. அப்புறம் அவன் உடம்பு தனித்தனியாக என்ன ஆசைப்படுகிறது என்று வருகிறது. கால் சுற்றி வர வேண்டும் என்கிறது, கை கும்பிட வேண்டும் என்கிறது, தலை தாழ வேண்டும், நாக்கு துதிக்க வேண்டும். இத்தனை உறுப்பும் ஒரு பக்கம். எதிர்ப்பக்கம் ஒன்றே ஒன்று, மானம். அது தடுத்துவிடுகிறது. "அவன் மானத்தால் பணியவில்லை" என்று ஒரே வரியில் சொல்லியிருந்தால் நாம் தாண்டிப் போயிருப்போம். ஒவ்வொரு உறுப்பாக எண்ணிக் காட்டியதால் பணிவது எவ்வளவு பக்கத்தில் இருந்தது என்று தெரிகிறது. அந்த இடைவெளியில்தான் உனக்குக் கண் கலங்கியிருக்கும்.

கம்பனில் இராவணனுக்கும் கடைசிப் போரில் ஒரு நொடி சந்தேகம் வரும், எதிரே நிற்பவன் வேதங்களின் முதல்வன்தானோ என்று. யாராக இருந்தால் என்ன என்று அவன் போரைத் தொடர்ந்துவிடுவான். கச்சியப்பர் அந்த நொடியை நிறுத்தி, பல பாட்டுக்கு நீட்டிச் சூரனை அதற்குள் நிற்க வைத்துவிட்டார்.

பிறகு முருகன் அந்த உருவத்தைச் சுருக்கிக்கொள்கிறார். சூரனின் தெளிவும் கூடவே போய்விடுகிறது, பழைய கோபம் திரும்புகிறது. அந்தத் தெளிவு அவன் சம்பாதித்தது இல்லை, அருள் காட்டியபோது மட்டும் இருந்தது. சைவத்தில் ஆணவ மலம் என்று படித்திருப்பாய். அதற்கு இதைவிட நல்ல உதாரணம் நான் வகுப்பில் சொன்னதில்லை. அதற்குப் பிறகுதான் இருளாகிறான், கடலுக்குள் மாமரமாகிறான், வேல் பிளக்கிறது, சேவலும் மயிலும் ஆகிறான்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. பாசத்தில் சூரனை நல்லவனாக்கிவிடாதே. தேவர்களைக் கடலில் மீன் பிடித்துச் சுமந்து வர வைத்தவன், ஒரு பிள்ளையை, ஜயந்தனை, சிறையில் போட்டவன். அந்தச் சிறைக் காட்சியை நாடகத்தின் ஆரம்பத்தில் கட்டாயம் வையுங்கள். அது இல்லாவிட்டால் கடைசிப் பேச்சு வெறும் சோகப் பாட்டு மாதிரி ஆகிவிடும்.

திருவிழாவில் சூரன் பொம்மைக்கு யானைத் தலை, சிங்கத் தலை, சொந்தத் தலை என்று மாற்றிக்கொண்டே வருவார்கள். பொம்மையால் அவ்வளவுதான் முடியும், நின்று பேச முடியாது. நாடகத்தில் மனுஷன் நிற்கிறாய், உன்னால் முடியும். நேரம் போதவில்லை என்றால் சண்டையைக் குறையுங்கள், மாய உருவங்களில் இரண்டை எடுத்துவிடுங்கள். பேச்சே மூன்று நிமிஷம்தான் வரும். அப்போது செண்டையை நிறுத்தச் சொல். "பாலன்" என்ற சொல்லைச் சபையில் எந்தக் குரலில் சொன்னாயோ அதே குரலில் ஆரம்பி, முன்வரிசையில் உட்காரும் பாட்டிமார்களுக்கு அது போதும். கையைக் கும்பிடப் பாதி வரைக்கும் கொண்டு போ. சேர்த்துவிடாதே.

ஒத்திகை வீடியோ எடுத்தால் அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

முருகா சரணம்.

அன்புடன்,
உன் தமிழ் சார்