இரண்டு பங்குகளின் திட்ட விலக்கத்தைக் கூட்டினால் ஏன் விடை தவறுகிறது?

பத்தாம் வகுப்பில் திட்ட விலக்கத்தையும் விலக்க வர்க்கச் சராசரியையும் கற்பிக்கிறோம். மேல்நிலை வகுப்புக்கு வந்தால் வணிகக் கணிதத்தில் ஒட்டுறவுக் கெழு வருகிறது. இந்த இரண்டும் ஒன்றாகச் சேரும் இடம் ஒன்று உண்டு. ஒருவர் தம் பணத்தை ஒரே இடத்தில் போடாமல் இரண்டு இடங்களில் பிரித்துப் போட்டால், அவருடைய இடர் எவ்வளவு குறையும் என்ற கேள்விதான் அது. 1952-இல் ஹாரி மார்கோவிட்ஸ் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் இதற்குக் கணிதத்தில் விடை தந்தார். அந்தப் பணிக்காக 1990-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவர் பயன்படுத்திய அடிப்படைக் கணக்கு (a + b)² என்ற முற்றொருமையைத் தாண்டிப் பெரிதாகப் போகவில்லை.

சூத்திரத்தை முதலில் எழுதிவிட்டால் மாணவர் அதை மனப்பாடம் செய்துவிடுவார்கள். அதனால் நான்கு ஆண்டு விவரத்தில் தொடங்குவது நல்லது. கணக்கு எளிதாக வரும்படி எடுத்துக்கொண்ட கற்பனை எண்கள் இவை.

முதல் பங்கு நான்கு ஆண்டுகளில் தந்த வருமானம்: 30, 30, –10, –10 சதவீதம். சராசரி 10. ஒவ்வோர் ஆண்டும் சராசரியிலிருந்து 20 விலகுகிறது. எனவே திட்ட விலக்கம் 20.

இரண்டாம் பங்கு தந்த வருமானம்: 45, –15, 45, –15 சதவீதம். சராசரி 15, திட்ட விலக்கம் 30.

ஒருவர் தம் பணத்தில் 60 சதவீதத்தை முதல் பங்கிலும் 40 சதவீதத்தை இரண்டாவதிலும் போடுகிறார். அவருடைய தொகுப்பின் சராசரி வருமானம் என்ன? 0.6 × 10 + 0.4 × 15 = 12. இதில் சிக்கல் இல்லை. திட்ட விலக்கம் என்ன என்று கேட்டால், வகுப்பில் பெரும்பாலோர் அதே வழியில் 0.6 × 20 + 0.4 × 30 = 24 என்று சொல்வார்கள். சரிபார்க்கச் சொல்லுங்கள். நான்கு ஆண்டுகளுக்கும் தொகுப்பின் வருமானத்தைத் தனித்தனியே கணக்கிட்டால் 36, 12, 12, –12 என்று வரும். சராசரி 12-இலிருந்து விலக்கங்கள் 24, 0, 0, –24. வர்க்கங்களின் சராசரி (576 + 0 + 0 + 576) ÷ 4 = 288. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 17. எதிர்பார்த்த 24 வரவில்லை.

குறைந்த அந்த 7 எங்கே போனது என்பதற்கு நடுவிலுள்ள இரண்டு ஆண்டுகள் விடை சொல்கின்றன. அந்த ஆண்டுகளில் ஒரு பங்கு ஏறியபோது மற்றது இறங்கியது. ஒன்றின் +12 மற்றதன் –12-ஐ அடித்துவிட்டது. சராசரி வருமானம் கூட்டலுக்குக் கட்டுப்படும். விலக்கம் அப்படியல்ல, எந்தத் திசையில் விலகுகிறது என்பதும் அதில் சேர்கிறது.

இனிச் சூத்திரம். முதல் பங்கின் எடையையும் திட்ட விலக்கத்தையும் பெருக்கி a என்போம், இரண்டாவதற்கு b. இங்கே a = 0.6 × 20 = 12, b = 0.4 × 30 = 12. ஒட்டுறவுக் கெழு ρ எனில், தொகுப்பின் விலக்க வர்க்கச் சராசரி:

V = a² + b² + 2abρ

நம் நான்கு ஆண்டுகளில் இரண்டு முறை இரண்டும் ஒரே திசையிலும், இரண்டு முறை எதிர்த்திசையிலும் சென்றன. அதனால் ρ = 0. V = 144 + 144 = 288. நேரடியாகக் கண்ட விடையே வருகிறது. ρ = 1 ஆக இருந்தால் சூத்திரம் (a + b)² ஆகிவிடும்; 24² = 576. மாணவர் முதலில் சொன்ன 24 இந்த ஒரு நிலையில் மட்டுமே சரி. ρ = –1 எனில் (a – b)², அதாவது சுழியம்; ஏற்ற இறக்கமே இல்லாத தொகுப்பு. நடைமுறையில் இரண்டு பங்குகளுக்கிடையே –1 கிடைப்பதில்லை. ஒரே நாட்டுப் பங்குச் சந்தையில் உள்ள இரண்டு பங்குகளுக்குப் பொதுவாக ρ நேர்க்குறியில்தான் இருக்கும்.

இயற்பியல் ஆசிரியர்களுக்கு இந்தச் சூத்திரம் ஏற்கெனவே தெரியும். இரண்டு வெக்டர்களின் தொகுபயன் காணும் சூத்திரத்தில் cos θ இருக்கும் இடத்தில் இங்கே ρ இருக்கிறது. ஒரே திசையில் இழுத்தால் 12 + 12 = 24. செங்குத்தாக இழுத்தால் பிதாகரஸ் தேற்றம்: √288. நேரெதிராக இழுத்தால் சுழியம். ρ-வின் மதிப்பு –1-க்கும் 1-க்கும் இடையில் மட்டுமே இருக்க முடியும் என்பதை cos θ-வோடு ஒப்பிட்டுக் காட்டினால் மாணவர் மறப்பதில்லை. வரைபடத் தாளில் 12 செ.மீ. நீளமுள்ள இரண்டு கோடுகளை வெவ்வேறு கோணங்களில் அடுத்தடுத்து வரையச் சொல்லி, முனையிலிருந்து முனைக்கு அளக்கச் சொல்லலாம். கணக்கே போடாமல் இடரை அளந்துவிடுகிறார்கள்.

விடைத்தாளில் வரும் பிழைகள் இரண்டுதான். சிலர் 2abρ-வில் உள்ள 2-ஐ விட்டுவிடுவார்கள். ρ = 1 என்று பிரதியிட்டால் (a + b)² வருகிறதா என்று பார்த்தால் இது உடனே தெரியும். வேறு சிலர் சதவீதத்தையும் தசமத்தையும் கலப்பார்கள். 20 சதவீதத்தை 0.20 என்று எழுதி வர்க்கப்படுத்தினால் 0.04; அதை 4 சதவீத இடர் என்று படித்துவிடக் கூடாது. வர்க்கமூலம் எடுத்த பிறகுதான் அது மீண்டும் சதவீதம் ஆகும். V குறை எண்ணாக வந்தால் எங்கோ பிழை என்பதில் ஐயமே வேண்டாம்.

இப்போது ρ = 0.5 என்று வைத்துப் பாருங்கள். V = 288 × 1.5 = 432, வர்க்கமூலம் ஏறத்தாழ 20.8. இது 24-ஐவிடக் குறைவு. ஆனால் முதல் பங்கை மட்டும் வைத்திருந்தால் இருந்திருக்கும் 20-ஐவிட அதிகம்! பிரித்துப் போட்டதால் இடர் குறைந்தது என்று சொல்லும்போது எதைவிடக் குறைந்தது என்று கேட்க வேண்டும். இதே இரண்டு பங்குகளை 6 : 1 என்ற விகிதத்தில் கலந்தால்தான் மிகக் குறைந்த இடர் கிடைக்கும், அதுவும் 19.6 அளவுதான். ρ இன்னும் கூடி, சிறிய திட்ட விலக்கத்தைப் பெரியதால் வகுத்த ஈவை, அதாவது 20 ÷ 30-ஐ எட்டிவிட்டால், இரண்டாம் பங்கை எந்த அளவில் சேர்த்தாலும் முதல் பங்கின் இடருக்குக் கீழே இறங்க முடியாது.

எத்தனை பங்கு சேர்த்தாலும் குறையாத பகுதி

இரண்டு பங்குக்கே இவ்வளவு குறைகிறதென்றால், நூறு பங்கு வாங்கினால் இடர் சுழியம் ஆகிவிடுமா? இந்தக் கேள்வியை 16 மாணவரையும் சில நாணயங்களையும் வைத்து வகுப்பிலேயே சோதிக்கலாம்.

ஒவ்வொரு மாணவரும் ஒரு நிறுவனம். ஒவ்வொரு சுற்றிலும் ஆசிரியர் ஒரு நாணயத்தைச் சுண்டுகிறார்: தலை விழுந்தால் எல்லோருக்கும் +12, பூ விழுந்தால் எல்லோருக்கும் –12. பிறகு மாணவர் ஒவ்வொருவரும் தம் நாணயத்தைச் சுண்டுகிறார்: தலைக்கு +16, பூவுக்கு –16, அவருக்கு மட்டும். இரண்டையும் கூட்டினால் அந்த ஆண்டு அந்த நிறுவனத்தின் விலக்கம். ஒரு மாணவருக்கு அது 28, 4, –4, –28 ஆகிய நான்கில் ஒன்றாக இருக்கும். V = 144 + 256 = 400; திட்ட விலக்கம் 20. (12, 16, 20 என்ற செங்கோண முக்கோணம் மீண்டும் வருகிறது.)

இரண்டு மாணவர் சேர்ந்து சராசரி எடுத்தால், ஆசிரியரின் நாணயம் தந்த 144 அப்படியே இருக்கும். சொந்த நாணயங்கள் தந்த 256 பாதியாகி 128 ஆகும். V = 272, திட்ட விலக்கம் 16.5. நான்கு பேர் சேர்ந்தால் 144 + 64, அதாவது 14.4. பதினாறு பேரும் சேர்ந்தால் 144 + 16, அதாவது 12.6. ஆயிரம் பேர் சேர்ந்தாலும் 12-க்குக் கீழே போகாது, ஏனென்றால் ஆசிரியரின் நாணயத்தை யாராலும் அடித்து நீக்க முடியாது. ஒரு சுற்றில் ஆசிரியருக்குத் தலையும், மாணவரில் 9 பேருக்குத் தலையும் 7 பேருக்குப் பூவும் விழுந்தால் வகுப்பின் சராசரி 12 + 2 = 14. இருபது சுற்று ஆடிக் கரும்பலகையில் குறித்தால், வகுப்பின் சராசரி ஒவ்வொரு முறையும் +12 அல்லது –12-ஐச் சுற்றியே நிற்பது கண்ணுக்குத் தெரியும். எந்த இரண்டு மாணவருக்கும் இடையே உள்ள ρ என்ன என்று இறுதியில் கேட்கலாம். பொதுவானது 144, மொத்தம் 400, ஆகவே 0.36.

மாணவரின் சொந்த நாணயத்தைத் தனி இடர் என்றும், ஆசிரியரின் நாணயத்தைச் சந்தை இடர் என்றும் சொல்கிறோம். தனி இடருக்கு எடுத்துக்காட்டாக 2009 ஜனவரி 7-ஐச் சொல்லலாம். சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத்தின் தலைவர் கணக்குகளில் மோசடி நடந்ததை ஒப்புக்கொண்ட அன்று, அதன் பங்கு விலை ஒரே நாளில் முக்கால் பங்குக்கு மேல் சரிந்தது. சேமிப்பு முழுவதையும் அதில் வைத்திருந்தவருக்கும், ஐம்பதில் ஒரு பங்கை மட்டும் வைத்திருந்தவருக்கும் அந்த நாள் ஒன்றல்ல. பின்னவர் அந்தப் பங்கால் இழந்தது ஏறத்தாழ 1.6 சதவீதம். ஆனாலும் அன்று சென்செக்ஸ் குறியீடும் 7 சதவீதம் அளவுக்கு இறங்கியது. மற்ற நிறுவனங்களின் கணக்குகளையும் நம்பலாமா என்ற அச்சம் சந்தையெங்கும் பரவியது. தனி இடர், சந்தை இடர் என்ற கோடு காகிதத்தில் இருக்கும் அளவுக்கு வெளியில் தெளிவாக இல்லை.

சந்தை இடருக்கு 2008. அந்த ஆண்டில் சென்செக்ஸ் 52 சதவீதம் இறங்கியது. பணத்தை நாடுகளுக்கிடையே பிரித்திருந்தாலும் பெரிய பயன் இல்லை. அமெரிக்காவின் எஸ் அண்டு பி 500 குறியீடு 38 சதவீதமும் ஜப்பானின் நிக்கெய் 42 சதவீதமும் அதே ஆண்டில் இறங்கின. சூத்திரத்தில் நாம் இடும் ρ கடந்த ஆண்டுகளின் விவரத்திலிருந்து வருவது. அமைதியான ஆண்டுகளில் 0.3, 0.4 என்று இருந்த கெழு, நெருக்கடியில் எல்லோரும் ஒரே நேரத்தில் விற்கும்போது 1-ஐ நோக்கி நகர்கிறது. பிரித்துப் போட்டதன் பயன் மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் அது சுருங்குகிறது.

ஆசிரியர் அறையில் சிலர், ஐந்து மியூச்சுவல் ஃபண்டு வைத்திருப்பதால் இடர் ஐந்தில் ஒன்றாகிவிட்டது என்று எண்ணுவதுண்டு. ஐந்தும் பெரிய நிறுவனங்களின் பங்குகளை வாங்கும் ஃபண்டுகளானால், அவற்றுள் ρ ஏறத்தாழ 1 ஆகவே இருக்கும். இதைக் கண்டுபிடிக்கக் கணக்குகூடத் தேவையில்லை. ஒவ்வொரு ஃபண்டும் தன்னிடமுள்ள பங்குகளின் பட்டியலை வெளியிடுகிறது. ஐந்து பட்டியல்களிலும் முதல் பத்துப் பெயர்களை அருகருகே எழுதிப் பாருங்கள். அதே வங்கிகளும் அதே மென்பொருள் நிறுவனங்களும் திரும்பத் திரும்ப வந்தால், அவர் வைத்திருப்பது ஐந்து பெயர்களில் ஒரே நாணயம்.