பால் காய்ச்சும் முன் மீட்டரைப் பாருங்கள்
பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி



கணக்குப் பாடத்தில் வட்டியும் விழுக்காடும் போட்டுப் பழகிய நமக்கு, வீட்டுக்கு வரும் கரண்ட் பில்லைப் படிக்கத் தெரிவதில்லை. எனக்கும் தெரியாதுதான். என் பெரியப்பா மகள் திருமணமாகிப் பொள்ளாச்சி மகாலிங்கபுரத்தில் முதன்முதலாக வாடகை வீட்டில் குடியேறியபோது ஏற்பட்ட ஒரு சங்கடமே இதை எனக்குக் கற்றுத் தந்தது. அதை அப்படியே எழுதுகிறேன்.

அக்காவும் அத்தானும் 2024 மார்ச் 30ஆம் நாள் பால் காய்ச்சிக் குடிபுகுந்தார்கள். மே 4ஆம் நாள் மின்வாரியக் கணக்கீட்டாளர் வந்து மீட்டரைப் பார்த்துவிட்டுப் போனார். தொகை 2,430 ரூபாய். “ரெண்டு ஃபேன், ஒரு ஃபிரிட்ஜ், மிக்ஸி, நாலு லைட்டு. இதுக்கா சித்தப்பா இவ்வளவு?” என்று அக்கா பில்லை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். என் தந்தையார் மில்லில் கணக்கு எழுதுபவர். அவர் பில்லை மேசைமேல் வைத்து, “முதலில் எத்தனை யூனிட் என்று பார்” என்றார்.

யூனிட் என்பது மின்சாரத்தை அளக்கும் படி. ஆயிரம் வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 75 வாட் மின்விசிறி ஏறக்குறைய 13 மணி நேரம் சுழன்றால்தான் ஒரு யூனிட் ஆகும். ஏ.சி.யோ ஒரு மணி நேரத்திலேயே ஒரு யூனிட்டைத் தாண்டிவிடக் கூடும். மீட்டரில் இன்று காணும் எண்ணிலிருந்து சென்ற முறை எழுதிய எண்ணைக் கழித்தால், இடையில் செலவான யூனிட் கிடைக்கும். நம் மாநிலத்தில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இவ்வாறு கணக்கெடுக்கிறார்கள்.

அக்காவின் பில்லில் சென்ற கணக்கு 14,320, இந்தக் கணக்கு 14,880. ஆகவே 560 யூனிட். ஆனால் சென்ற கணக்கு எடுத்த நாள் மார்ச் 5! அக்கா வந்ததோ மார்ச் 30. இடைப்பட்ட 25 நாளும் பழைய குடித்தனக்காரர்கள் ஏ.சி. போட்டு வாழ்ந்த நாட்கள். அந்த யூனிட்டும் இதே பில்லில் சேர்ந்துவிட்டது. மீட்டருக்கு வீடுதான் தெரியும், குடியிருப்பவர் யார் என்று தெரியாது.

அடுத்து தந்தையார் விலையை விளக்கினார். 2022 செப்டம்பர் 10 முதல் நடப்பில் இருந்த கட்டணப்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் செலவழித்த வீட்டுக்கு முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 100 யூனிட்டுக்கு யூனிட் ஒன்றுக்கு 2 ரூபாய் 25 காசு. அதற்கடுத்த 200க்கு 4 ரூபாய் 50 காசு. கடைசி 100க்கு 6 ரூபாய். இந்தக் கணக்கில் 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய் வரும்.

இனிமேல்தான் கவனிக்க வேண்டும். 500ஐ ஒரு யூனிட் தாண்டினாலும் வேறு அட்டவணை வந்துவிடும். அதில் 2 ரூபாய் 25 காசு என்ற படியே கிடையாது. 101 முதல் 400 வரை எல்லாமே 4 ரூபாய் 50 காசு. 500க்கு மேல் வரும் முதல் நூறு யூனிட்டுக்கு எட்டு ரூபாய். ஆகவே 501 யூனிட்டுக்கு 1,958 ரூபாய். அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! அக்காவின் 560 யூனிட்டுக்கு 1,350, 600, 480 ஆக மொத்தம் 2,430 என்று நானே கூட்டிப் பார்த்தேன். பில்லில் பிழை இல்லை. (2024 ஜூலையில் இந்த விலைகள் சற்று உயர்த்தப்பட்டன. எனவே உங்கள் பில்லைச் சரிபார்க்கும்போது அந்த நாளில் நடப்பில் உள்ள அட்டவணையையே பார்க்க வேண்டும்.)

அப்படியானால் அக்காவின் பங்கு எவ்வளவு? குடிவந்த நாளில் மீட்டர் எண்ணை அவள் குறித்து வைக்கவில்லை. தந்தையார் ஒரு வழி சொன்னார். மே 4 முதல் ஒரு வாரம் தினமும் மீட்டரைப் பார்த்து எழுதச் சொன்னார். ஏழு நாளில் 42 யூனிட், அதாவது நாளுக்கு 6. மார்ச் 30 முதல் மே 4 வரை 35 நாளுக்கு 210 யூனிட். 560இல் 210 என்பது எட்டில் மூன்று பங்கு. பணத்தில் 911 ரூபாய்.

இதற்குள் நாட்கள் ஓடிக்கொண்டிருந்தன. கணக்கெடுத்த நாளிலிருந்து 20 நாளைக்குள் பணம் கட்ட வேண்டும். அக்காவுக்குக் கடைசி நாள் மே 24. தவறினால் மூன்று தொல்லைகள் உண்டு. முதலாவது, இணைப்பைத் துண்டிக்கலாம். இரண்டாவது, பிந்திய நாட்களுக்குத் தாமதக் கட்டணம் சேரும். இது வட்டியைப் போன்றது. பாக்கித் தொகைக்கும் நாட்களுக்கும் ஏற்ப வளரும். மூன்றாவது, மறு இணைப்புக் கட்டணம். துண்டித்த பிறகு பில் தொகையோடு இதையும் செலுத்தினால்தான் மீண்டும் மின்சாரம் வரும். “பீஸ் கேரியரைத்தானே கழற்றிப் போனார்கள், நாமே ஒன்றைச் சொருகிக்கொள்ளலாம்” என்று எவரும் எண்ணக் கூடாது. துண்டித்த இணைப்பைத் தாமாகச் சேர்ப்பது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 138ஆம் பிரிவின்படி சிறைத் தண்டனைக்கும் உரிய குற்றம்.

வாடகைக்கு இருப்பவருக்கு இதில் இன்னொரு இடர்ப்பாடு. இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் இருப்பதால், பில் பற்றிய குறுஞ்செய்தி அவருடைய கைப்பேசிக்கே போகும். அவர் சொல்ல மறந்தால் இருட்டில் உட்காருவது நாம். மின் இணைப்பு எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டால் நாமே தொகையைப் பார்த்துக் கட்டலாம். பில்லில் சில சமயம் “கூடுதல் வைப்புத் தொகை” என்றும் ஒன்று வரும். அது செலவான மின்சாரத்தின் விலை அன்று. இணைப்பின் உரிமையாளர் பெயரில் மின்வாரியத்தில் இருக்கும் முன்பணம். ஆகவே அதை யார் கட்டுவது என்று வீட்டுக்காரரிடம் கேட்பது தவறாகாது.

அக்கா தன் கணக்கை வீட்டுக்காரரிடம் காட்டினாள். அவர் பெரியவர், நல்லவர்தான். “ஏனம்மணி, பழைய ஆளுங்களுக்கு அட்வான்சைத் திருப்பிக் குடுத்தாச்சே. இனி அவங்ககிட்ட எப்படிக் கேக்கறது?” என்றார். அவர்கள் போன நாளில் அவரும் மீட்டரைப் பார்க்கவில்லை. “வழக்கு பிறகு பேசலாம், முதலில் பணத்தைக் கட்டு. நாம் பேசி முடிக்கும் வரை கடைசி நாள் காத்திருக்காது” என்று தந்தையார் சொன்னதால், அத்தான் மே 22 அன்றே முழுத் தொகையையும் கட்டிவிட்டார். பிறகு பேசியதில் பாதிக்குப் பாதி என்று முடிவாகி, வீட்டுக்காரர் 1,215 ரூபாயைத் திருப்பித் தந்தார். அக்காவுக்கு 304 ரூபாய் நட்டம். மீட்டரை ஒரு நிமிடம் பார்க்காததற்குக் கொடுத்த விலை அது.

சென்ற மாதம் எங்கள் எதிர் வீட்டுக்குப் புதுக் குடித்தனம் வந்தது. பால் காய்ச்ச அழைத்தார்கள் என்று அம்மாவுடன் நானும் போனேன். அடுப்பு பற்ற வைக்கும் முன் அம்மா அந்தப் பெண்ணைத் தனியாக அழைத்து, “கண்ணு, முதல்ல மீட்டர்ல என்ன எண் இருக்குதுன்னு வீட்டுக்காரரையும் வெச்சுக்கிட்டு எழுதிக்கோ. பழைய பாக்கி இருக்குதான்னும் கேட்டுக்கோ” என்றார். இருவரும் தாளில் எண்ணையும் தேதியையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அதன் பிறகே பால் பொங்கியது.